டோஸ் ஏறியும் சர்க்கரை இறங்கவில்லை: இன்சுலின் போடும் முறை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 56 வயதுப் பெண். டைப் 2 சர்க்கரை நோய், இன்சுலின் தொடங்கி மூன்று வருடம். 30/70 கலவை மனித இன்சுலினைப் பேனா மூலம் காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்கிறார். தொடங்கியபோது ஒரு நாளைக்கு மொத்தம் 36 யூனிட். எங்கள் பிரிவுக்கு அனுப்பப்பட்டபோது காலை 34, இரவு 26, ஆக 60 யூனிட். அப்படியும் எச்பிஏ1சி 9.6 சதவீதத்தில் நின்றது. டோஸ் இன்னும் கூட்ட வேண்டுமா என்பதுதான் அனுப்பியவர்களின் கேள்வி.

அவர் கொண்டு வந்த நோட்டைப் பாருங்கள். அடுத்தடுத்த நாட்களில் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை 214, 188, 96, 241. நடுவில் ஒரு நாள் அதிகாலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து பார்த்தபோது 58. டோஸ் மாறவில்லை, சாப்பாட்டிலும் பெரிய மாற்றமில்லை என்கிறார். டோஸ் போதாதவருக்குப் பெரும்பாலும் சர்க்கரை எப்போதுமே உயரத்தில் இருக்கும், இப்படித் துள்ளாது. அதே டோஸுக்கு ஒரு நாள் 241, ஒரு நாள் 58 என்றால், எழுதிக் கொடுத்த டோஸும் உடம்புக்குள் போய்ச் சேரும் டோஸும் ஒன்றல்ல என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். நர்ஸிங் மாணவர்கள் இந்த நோட்டை வாங்கியதும் சராசரியைத் தேடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை.

முதல் வேலை: பேசாமல் பார்ப்பது

"இன்சுலின் சரியாப் போடுறீங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. காலை டோஸ் நேரத்துக்கு, அவருடைய பேனா, அவருடைய ஊசி, அவர் வைத்திருக்கும் பை எல்லாவற்றோடும் வரச் சொன்னோம்.

"அம்மா, வீட்ல எப்படிப் போடுவீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க. குத்துறதுக்கு முன்னாடி மட்டும் நிறுத்திடுங்க."

இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை தன் உடம்பில், அதற்குப் பிறகு பயிற்சிக்கான ஸ்பாஞ்ச் பேடில். தப்பான இடத்தில் மருந்து போய்விடாமல் முழுச் செயலையும் பார்க்க இது நல்ல வழி. பார்க்கும்போது திருத்தக் கூடாது. ஒரு முறை குறுக்கிட்டால் அடுத்தடுத்த படிகளை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்வார், வீட்டில் செய்வது தெரியாமல் போய்விடும்.

அவர் பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஊசி ஏற்கெனவே மாட்டியிருந்தது. கலக்கவில்லை, கார்ட்ரிட்ஜின் ஒரு பக்கத்தில் வெள்ளைப் படிவு அப்படியே தெரிந்தது. காற்று நீக்கிப் பார்க்கவும் இல்லை. டயலை 34க்குத் திருப்பினார். இடது கை சேலையை விலக்க, வலது கை குனிந்து பார்க்காமலேயே தொப்புளுக்கு இடது பக்கம் ஒரே இடத்துக்குப் போய் நின்றது. பேடில் குத்தி அழுத்தினார், எண் பூஜ்யத்துக்கு வந்ததும் உடனே உருவினார். ஊசி முனையில் ஒரு பெரிய துளி தொங்கியது, பேடின் மேல் இன்னொன்று. அப்புறம் ஊசியோடேயே மூடியைப் போட்டுப் பைக்குள் வைத்தார்.

"ஊசியை எப்பம்மா மாத்துவீங்க?"

"வலிக்க ஆரம்பிச்சா மாத்திடுவேன் சிஸ்டர். ஒரு வாரம் பத்து நாள் வரும்."

"ஏன் எப்பவும் அந்த இடத்துலயே?"

"அங்க போட்டா வலியே தெரியாது."

இந்தக் கடைசி வாக்கியம்தான் நோயறிதல். மீதி எல்லாம் அதை உறுதி செய்யும் வேலை.

விரல் நுனியால் தேடுதல்

இன்சுலின் போடும் இடத்தில் கொழுப்புத் திசு தடித்துக் கட்டியாவதை லிப்போஹைப்பர்ட்ரோபி என்கிறோம். கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மேடாக இருந்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். பல கட்டிகள் கண்ணுக்குத் தெரியாது, கைக்கு மட்டுமே தெரியும். அதனால் தடவிப் பார்க்காமல் "இடம் நன்றாக இருக்கிறது" என்று கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள்.

முதலில் நிற்க வைத்துப் பக்கவாட்டு வெளிச்சத்தில் வயிற்றைப் பாருங்கள். மேடு இருந்தால் நிழல் விழும். அப்புறம் படுக்க வைத்து, விரல் நுனிகளில் கொஞ்சம் ஜெல் தடவி, ஊசி போடாத ஓரத்திலிருந்து தொடங்கிச் சின்னச் சின்ன வட்டமாகத் தடவிக்கொண்டே உள்ளே வாருங்கள். சாதாரணத் தோலடித் திசு மிருதுவாக இருக்கும், விரலுக்கு விட்டுக்கொடுக்கும். கட்டி தொடங்கும் இடத்தில் அந்த மிருது சட்டென்று மாறும், ரப்பர் மாதிரி ஒரு தடிப்பு விரலைத் தடுக்கும். சந்தேகம் இருந்தால் கிள்ளிப் பாருங்கள். நல்ல இடத்தில் இரண்டு விரலுக்கு நடுவே மெல்லிய மடிப்பு வரும், கட்டி உள்ள இடத்தில் மடிப்பு தடியாகவே நிற்கும்.

இவருக்கு இடது பக்கம் ஏறக்குறைய 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலத்தில் ஒரு கட்டி. வலது பக்கம் அதைவிடச் சிறியது, 3 செ.மீ. இருக்கலாம். அனுமதி கேட்டுப் பேனாவால் எல்லைக் கோடு வரைந்தோம். பிறகு அவர் விரலைப் பிடித்து, முதலில் நல்ல இடத்திலும் அடுத்து கட்டியின் மேலும் வைத்தோம். "ரெண்டும் வேற வேற மாதிரி இருக்கே" என்றார். நாம் கண்டுபிடித்ததைச் சொல்வதைவிட அவர் விரல் கண்டுபிடிப்பது நிலைக்கும். வீட்டில் தினமும் தடவப் போவது அவர்தானே.

கட்டி ஏன் வருகிறது? இன்சுலினுக்கே கொழுப்புச் செல்களை வளர்க்கும் குணம் உண்டு. ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அது போய்ச் சேர்ந்து, பலமுறை பயன்படுத்தி மழுங்கிய ஊசி திசுவைக் காயப்படுத்துவதும் கூடினால் அங்கே தடிப்பு வளர்கிறது. அங்கே வலி குறைவு, அதனால் நோயாளி அதே இடத்துக்குப் போகிறார், கட்டி இன்னும் வளர்கிறது. அதிலிருந்து இன்சுலின் இரத்தத்தில் சேர்வது மெதுவாகவும் ஒழுங்கில்லாமலும் நடக்கும். ஒரு நாள் பாதி கூட வேலை செய்யாதது போலிருக்கும், இன்னொரு நாள் எதிர்பாராத நேரத்தில் வேலை செய்யும். நோட்டில் பார்த்த 241க்கும் 58க்கும் இது ஒரு காரணம்.

பேனாவிலேயே இருந்த இரண்டாவது காரணம்

கட்டியைக் கண்டதும் திருப்தியடைந்து நிறுத்தியிருந்தால் பாதிக் கதை விட்டுப்போயிருக்கும். 30/70 கலவையில் 70 பங்கு படிந்துபோகும் வெள்ளைப் பகுதி, மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்வது. 30 பங்கு தெளிவான பகுதி, சீக்கிரம் வேலை செய்வது. கலக்காமல் போட்டால் அந்த விகிதம் எந்த டோஸிலும் சரியாக இருக்காது. ஒரு வேளை தெளிவான பகுதி அதிகமாகப் போகும், அடுத்தடுத்த வேளைகளில் வெள்ளைப் பகுதி அதிகமாகப் போகும். டயலில் எண் மட்டும் 34 என்றே காட்டும்.

ஊசியைக் கழற்றாமல் விடுவது இதை இன்னும் கெடுக்கிறது. அவர் உபயோகத்தில் இருக்கும் பேனாவையும் ஃபிரிட்ஜில்தான் வைக்கிறார். குளிரில் உள்ளே இருக்கும் மருந்து சுருங்கும், திறந்த ஊசி வழியாகக் காற்று நுழையும். வெளியே எடுத்துச் சூடாகும்போது மருந்து விரிந்து ஊசி வழியாகக் கசியும். கசிவதில் தெளிவான பகுதிதான் அதிகம், ஆகவே உள்ளே மிஞ்சுவதன் விகிதம் மாறிவிடும். காற்றுக் குமிழி இருந்தால் பட்டனை அழுத்தும்போது முதலில் குமிழிதான் நசுங்கும். மருந்து மெதுவாக, எண் பூஜ்யம் வந்த பிறகும் வடிந்துகொண்டிருக்கும். பேடில் பார்த்த அந்தப் பெரிய துளி இதுதான். இரண்டு யூனிட் காற்று நீக்கும் படியை மாணவர்கள் சடங்காகச் சொல்லிக் கொடுப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது ஊசி அடைத்திருக்கிறதா, காற்று இருக்கிறதா, பேனா வேலை செய்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் ஒரே துளியில் பதில்.

சேமிப்பு: பெட்டியைக் கொண்டு வரச் சொல்லுங்கள்

"ஃபிரிட்ஜில் வைக்கிறேன்" என்ற பதிலோடு விடாதீர்கள். ஃபிரிட்ஜில் எங்கே? இவர் மாற்று கார்ட்ரிட்ஜ்களை ஃப்ரீஸருக்கு நேர் கீழே, பின்சுவரை ஒட்டி வைத்திருந்தார். "நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்னு" என்றார். மகள் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். அதில் ஒரு கார்ட்ரிட்ஜை உருட்டிக் கலக்கிய பிறகும் வெள்ளைத் துகள்கள் கண்ணாடிச் சுவரில் ஒட்டி நின்றன, பால் போலச் சீராகவில்லை. உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. மற்றவை பார்வைக்கு நன்றாகவே இருந்தன, ஆனால் வீரியம் குறைந்ததைக் கண் எப்போதும் காட்டிக்கொடுக்காது. ஒரே இடத்தில் இருந்த பெட்டி என்பதால் முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கொடுத்தோம்.

பிரிக்காதது 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள், ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், சுவரைத் தொடாமல். பயன்பாட்டில் இருப்பது அறை வெப்பத்தில், பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகாமல், வெயிலும் அடுப்பும் படாத இடத்தில், ஊசி இல்லாமல். திறந்த பிறகு எத்தனை நாள் என்பது பெரும்பாலானவற்றுக்கு 28 நாள், சிலவற்றுக்கு அதிகம். அந்தந்த மருந்தின் தாளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட். நாளைக்கு 60 யூனிட் போடுபவருக்கு அது ஐந்து நாளில் தீர்ந்துவிடும். 28 நாள் விதியை இவரிடம் அரை மணி நேரம் பேசிப் பயனில்லை. ஆனால் இரவில் மட்டும் 8 யூனிட் போடுபவருக்கு, காற்று நீக்க 2 யூனிட் சேர்த்து, 300 யூனிட் 30 நாள் வரும். அவர் மீதியை வைத்துக்கொண்டே தூக்கிப் போட வேண்டியவர், திறந்த தேதியை எழுதி ஒட்டச் சொல்ல வேண்டியது அவரிடம்.

இடத்தை மாற்றுமுன் டாக்டரிடம்

மாணவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். கட்டியைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் "இனிமே இங்கே போடாதீங்க, பக்கத்துல போடுங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். 60 யூனிட் என்பது கட்டிக்குள் பாதி வீணாகப் போவதை ஈடுகட்ட ஏறிய டோஸ். அதே 60 நல்ல திசுவில் போனால் முழுதாக வேலை செய்யும், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். எனவே இடத்தை மாற்றும் பேச்சுக்கு முன் டோஸைக் குறைக்கும் பேச்சு நடக்க வேண்டும், அதை முடிவு செய்வது டாக்டர். இவருக்கு டாக்டர் 20 சதவீதம் குறைத்து, காலை 28, இரவு 20 என்று 48 யூனிட் ஆக்கினார். முதல் சில நாட்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்பும் படுக்கும் முன்பும், இரண்டு நாள் அதிகாலை மூன்று மணிக்கும் பரிசோதிக்கச் சொன்னார். சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை என்பதை அவரும் மகளும் தங்கள் வாயால் சொல்லிக் காட்டிய பிறகே அனுப்பினோம்.

சுழற்சியையும் அவர் உடம்பை வைத்தே போட்டோம். வரைந்த கோட்டுக்குள் ஒரு ஊசியும் கூடாது. காலை டோஸ் வயிற்றில், தொப்புளை விட்டுத் தள்ளி, கோடுகளுக்கு வெளியே. வயிற்றை நான்கு கட்டமாகப் பிரித்து வாரம் ஒரு கட்டம், கடிகாரச் சுற்றில். ஒரு கட்டத்துக்குள் நேற்றுப் போட்ட இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளி. இரவு டோஸ் தொடையின் மேல்பகுதி வெளிப்பக்கத்தில், ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது. மனித இன்சுலின் தொடையிலிருந்து மெதுவாகச் சேரும், அதிகாலையில் தாழ்ந்த அனுபவம் உள்ளவருக்கு அது ஏற்றது. நினைத்த நேரத்தில் நினைத்த இடம் என்று மாற்றுவது சுழற்சி ஆகாது. காலைக்கு ஒரு பகுதி, இரவுக்கு ஒரு பகுதி என்று நிலையாக இருந்தால்தான் நோட்டில் உள்ள எண்களுக்கு அர்த்தம் இருக்கும்.

அவர் வைத்திருந்தது 8 மி.மீ. ஊசி. தொடையில் அதை நேராகக் குத்தினால் தசைக்குள் போகலாம், தசையிலிருந்து இன்சுலின் வேகமாகச் சேரும், வலியும் கூடும். 4 மி.மீ. ஊசிக்கு மாற்றினோம். பெரியவர்களுக்கு, பருமனாக இருந்தாலும், இதை நேராகக் குத்தலாம். மிக ஒல்லியானவருக்கு மட்டும் தோலை மடித்துப் பிடிக்க வேண்டும்.

சரிபார்ப்புப் பட்டியல்

நீங்கள் சொன்னதற்கு டிக் போடாதீர்கள். நோயாளி செய்து காட்டியதற்கு மட்டும் போடுங்கள்.

- கை கழுவினார். பேனாவில் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் படித்துக் காட்டினார்.
- போடும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். கட்டி, காயம், சிவப்பு இல்லாத இடம். நேற்று எங்கே போட்டார் என்று சொல்ல முடிகிறது.
- வெள்ளை இன்சுலின் என்றால் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவே 10 முறை உருட்டினார், 10 முறை மேலும் கீழுமாகக் கவிழ்த்தார். குலுக்கவில்லை. பால் போல் ஆன பிறகே அடுத்த படிக்குப் போனார். தெளிவான இன்சுலினுக்கு இது தேவையில்லை, அது கலங்கியிருந்தால் போடக் கூடாது.
- புதிய ஊசி மாட்டினார்.
- ஊசியை மேல் நோக்கிப் பிடித்து 2 யூனிட் வெளியேற்றினார். துளி வராவிட்டால் திரும்பச் செய்தார்.
- டோஸைத் திருப்பி, எண்ணைச் சத்தமாகப் படித்தார். பார்வை மங்கலானவருக்கு இந்தப் படியை விடவே கூடாது.
- ஸ்பிரிட்டால் துடைத்திருந்தால் காய விட்டார்.
- நேராகக் குத்தி, பட்டனை முழுதாக அழுத்தி, எண் பூஜ்யம் ஆன பிறகும் மெதுவாகப் பத்து எண்ணினார். பட்டனை விடாமலேயே உருவினார். தோலை மடித்திருந்தால் ஊசி வெளியே வந்த பிறகே விட்டார். தேய்க்கவில்லை.
- ஊசியைக் கழற்றிக் குத்தாத தடித்த டப்பாவில் போட்டார். பேனாவை ஊசி இல்லாமல் மூடினார்.
- மாற்று இன்சுலினை வீட்டில் எந்தத் தட்டில் வைப்பார் என்று சொன்னார்.

முதல் நாளில் இத்தனையையும் ஒரே மூச்சில் கற்றுக்கொடுக்க முயல வேண்டாம். இவருக்கு அன்று எடுத்துக்கொண்டது மூன்றுதான்: கோட்டுக்குள் போடக் கூடாது, ஒவ்வொரு முறையும் புது ஊசி, பத்து எண்ணுவது. கலக்குவதையும் காற்று நீக்குவதையும் அன்றைக்கு மகள் பொறுப்பில் விட்டு, இரண்டு நாள் கழித்து அம்மாவையே செய்ய வைத்தோம்.

தொடர்ந்து நடந்தது

நான்காம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன் கை நடுங்கியது, சர்க்கரை 66. குளுக்கோஸ் சாப்பிட்டு 15 நிமிடத்தில் 94 ஆனது. போனில் தெரிவித்தார்கள், டாக்டர் காலை டோஸை 24 ஆக்கினார். 20 சதவீதம் குறைத்ததே போதவில்லை என்றால் முன்பு கட்டிக்குள் எவ்வளவு போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒன்பதாம் நாளிலிருந்து திடீரென்று 220, 236. மறுபடி வரச் சொன்னோம். வரைந்த கோடு அழிந்திருந்தது, இடது கட்டியின் மேல் இரண்டு புதிய ஊசித் தடம். "புது இடத்துல சுருக்குனு வலிக்குது சிஸ்டர், ரெண்டு நாள்தான் பழைய இடத்துல போட்டேன்." திட்டுவதற்கு இதில் ஒன்றுமில்லை, வலிக்குக் காரணத்தைத் தேட வேண்டும். பையைத் திறந்தால் பழைய 8 மி.மீ. ஊசிகள். வீணாக்க மனம் வராமல் அவற்றைத் தீர்த்துக்கொண்டிருந்தார். பேனாவும் இன்னும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வயிற்றுக்கு வந்துகொண்டிருந்தது. குளிர்ந்த மருந்து எரிச்சல் தரும். ஊசிகளை வாங்கி வைத்துக்கொண்டு, பேனாவை வெளியே வைக்கச் சொல்லி, அன்றைய டோஸை அங்கேயே 4 மி.மீ. ஊசியால் போட வைத்தோம். குத்தியதே தெரியவில்லை என்று இரண்டு முறை சொன்னார்.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.8, டோஸ் 44 யூனிட். அதிகாலை வியர்வை திரும்பவில்லை. வலது பக்கக் கட்டி விரலுக்கு அரிதாகத்தான் தட்டுப்படுகிறது. இடது பக்கம் இன்னும் 3 செ.மீ. அளவுக்கு இருக்கிறது, முழுக்கக் கரைய இன்னும் சில மாதங்கள் ஆகலாம். அந்த இடம் இப்போதும் தடைதான். எல்லையை மறுபடி வரைந்து, அளவைத் தேதியோடு கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறோம்.